ஒற்றைத் தலைவலியை அறிவதும் அதற்கான நாட்குறிப்பும்: நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு மூன்று முறை தலையின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, குமட்டுகிறது, வெளிச்சத்தைப் பார்த்தாலே கண் கூசுகிறது. இது மைக்ரேன்தானா?

இந்த மூன்றும் சேர்ந்து, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருமானால் மைக்ரேனாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நோயாளி சொல்லும் விவரத்தை வைத்தும், நேரில் பரிசோதித்தும், வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துமே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

தலைவலி மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைப்படி, இத்தகைய வலி குறைந்தது 5 முறையாவது வந்திருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும். வலி ஒரு பக்கமாக இருப்பது, நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிப்பது, செய்கிற வேலையைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையாக இருப்பது, மாடிப்படி ஏறினாலோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ கூடுவது ஆகிய நான்கில் இரண்டேனும் பொருந்த வேண்டும். இவற்றோடு குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும். அல்லது வெளிச்சம், சத்தம் இரண்டையும் தாங்க முடியாமல் போக வேண்டும்.

ஒரு பக்கமாக வலிப்பது இந்த நான்கில் ஒன்றுதான், கட்டாயமான அடையாளமன்று. இரண்டு நெற்றிப்பொட்டிலும் வலித்தும் மைக்ரேனாக இருக்கலாம். ஒரு முறை வலப்பக்கமும் அடுத்த முறை இடப்பக்கமும் வரலாம். மாறாக, தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல் மந்தமாக வலித்து, குமட்டலும் இல்லாமல், எழுந்து நடமாட முடிகிறதென்றால் அது பெரும்பாலும் மன இறுக்கத்தோடு தொடர்புடைய வேறு வகைத் தலைவலி. ‘சைனஸ்’ என்று பெயர் சூட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஆவி பிடித்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது மைக்ரேன்தான். மூக்கிலிருந்து கெட்டியான பச்சை அல்லது மஞ்சள் சளியும் காய்ச்சலும் இல்லாமல், குமட்டலோடும் கண்கூச்சத்தோடும் நெற்றி வலிக்கிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை மறுபரிசீலனை செய்து பார்ப்பது நல்லது.

வாந்தி எடுத்தவுடன் வலி குறைகிறது. அப்படியென்றால் பித்தம்தானே காரணம்?

வலி தொடங்கும் இடம் தலையின் நரம்பு மண்டலமே. வயிறு அதன் பிடியில் சிக்குகிறது. மைக்ரேன் வரும்போது இரைப்பை மந்தமாகிவிடுவதால் உள்ளே இருப்பது கீழே இறங்காமல் தங்கிக் குமட்டுகிறது. வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும்போது மஞ்சளாக வருவது எவருக்கும் வரக்கூடிய பித்தநீர்தான். வாந்தி எடுத்தபின் சிலருக்கு வலி தணிவது உண்மை; ஆனால் அதனால் பித்தமே மூலகாரணம் என்று ஆகிவிடாது.

இதில் நடைமுறைக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. இரைப்பை மந்தமானபின் விழுங்கும் மாத்திரை குடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. வலி உச்சத்துக்குப் போகட்டும் என்று பொறுத்திருந்து மாத்திரை போடுகிறவர்களுக்கு அது கேட்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மருத்துவர் சொன்ன மாத்திரையை, வலி இலேசாக இருக்கும்போதே, அவர் சொன்ன முழு அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி முன்னதாகவே வருபவர்களுக்கு அதை அடக்கும் மருந்தையும் அவர் சேர்த்துத் தருவார்.

வலிக்கு முன்னால் கண்முன் வளைந்து வளைந்து மின்னுகிற கோடுகள் தெரிகின்றன. பார்வை போய்விடுமோ?

மைக்ரேன் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இந்த முன்னோட்டம் வருவதுண்டு. பார்வையின் ஓரிடத்தில் சிறிய மினுமினுப்பாகத் தொடங்கி, மெல்ல மெல்ல விரிந்து, பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் முழுவதுமாக மறைந்துவிடும். மெதுவாகப் பரவுவதுதான் இதன் தன்மை. இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், எந்தக் கண்ணால் பார்த்தாலும் அது தெரியும். அப்படியன்றி, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் திடீரென்று பார்வை மங்கினாலும், வாய் கோணினாலும், கை கால் ஒரு பக்கம் சட்டென்று விழுந்தாலும், அதை மைக்ரேன் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

இந்த முன்னோட்டம் வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கிறார்கள் என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேரும்போது பக்கவாத ஆபத்து கூடுகிறது என்பதால் வேறு முறைக்கு மாற்றச் சொல்வார்கள்.

கண்கூச்சம், ஒரு பக்க வலி, வாந்தி என்று எல்லாம் இருந்தும் வேறு நோயாக இருக்க முடியுமா?

முடியும். அவற்றில் கண் அழுத்த நோயின் திடீர்த் தாக்குதலைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அது மைக்ரேனைப் போலவே வேடமிட்டு வரும். ஒரு பக்கத்துக் கண்ணும் நெற்றியும் கடுமையாக வலிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். ஆனால் அந்தக் கண் சிவந்திருக்கும், பார்வை புகைபடிந்ததுபோல் இருக்கும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இப்படி வந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓரிரு நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடலாம்.

வாழ்நாளில் இல்லாத கடுமையோடு ஓரிரு நிமிடங்களுக்குள் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, தலையில் அடிபட்டபின் வரும் வலி, வலிப்பு அல்லது நினைவு தடுமாற்றத்தோடு வரும் வலி, 50 வயதுக்குமேல் முதன்முறையாகத் தொடங்கும் வலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ புதிதாக வரும் வலி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. அவசர நிலைகளில் 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்கு நேரே போய்விடுவதே நல்லது.

நாட்குறிப்பில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

தலைவலி வந்த நாளில் வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், குமட்டலும் கண்கூச்சமும் இருந்தனவா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பவற்றை எழுத வேண்டும். கடுமையைக் குறிக்க மூன்று எண்கள் போதும்: வேலை செய்ய முடிந்தால் 1, வேலை தடைபட்டால் 2, படுத்துவிட்டால் 3.

ஆனால் பெரும்பாலோர் விட்டுவிடுவது தலைவலி வராத நாட்களைத்தான், அதனால்தான் அவர்களுடைய குறிப்பேடு எந்த முடிவையும் தருவதில்லை. வலி வந்த அன்று வெயிலில் போனதாக எழுதுகிறார்கள். வெயிலில் போயும் வலி வராத நாட்கள் எத்தனை என்பது தெரியாமல் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வோர் இரவும், வலி வந்தாலும் வராவிட்டாலும், தூங்கிய நேரமும் எழுந்த நேரமும், மூன்று வேளையும் சாப்பிட்ட நேரம், தலைக்குக் குளித்ததா, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், சந்தேகப்படுகிற ஓரிரு பொருட்கள் ஆகியவற்றை ஒரே வரியில் குறிக்க வேண்டும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் கட்டமே இதற்குப் போதும். எழுதுவதற்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. சந்தேகப் பட்டியலை இருபது பொருட்களுக்கு நீட்டினால் இரண்டாம் வாரத்திலேயே எழுதுவது நின்றுபோகும்.

குறைந்தது 8 வாரங்கள் எழுத வேண்டும். மாதவிலக்கு வரும் பெண்கள் மூன்று சுழற்சிகளை எழுதினால்தான் அதன் பங்கு தெளிவாகத் தெரியும்.

இதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஓர் எடுத்துக்காட்டு தாருங்கள்.

முக்கூடல் பக்கத்தில் வீட்டில் பீடி சுற்றும் 34 வயதுப் பெண்மணி ஒருவரின் குறிப்பேட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிப்பதுதான் தமக்கு ஆகவில்லை என்பது அவருடைய நம்பிக்கை; அல்வா சாப்பிட்டாலும் மறுநாள் வலி வருகிறது என்பது அவருடைய மாமியாரின் நம்பிக்கை. 12 வாரங்களில், அதாவது 84 நாட்களில், அவருக்கு 9 முறை வலி வந்திருக்கிறது.

தலைக்குக் குளித்த நாட்கள் 24. அவற்றில் 6 நாட்களில் வலி வந்திருக்கிறது. குளிக்காத 60 நாட்களில் 3 முறைதான். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் அவர் நினைத்தது சரியென்றே தோன்றும். தலைக்குக் குளிப்பது சிலருக்கு மைக்ரேனைத் தூண்டுவதை நம் நாட்டு மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள், எனவே அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆனால் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. 12 வெள்ளிக்கிழமைகளில் 8-இல் அவர் விரதம் இருந்து, கோயிலுக்குப் போய்வந்து, பகல் ஒரு மணிக்குமேல்தான் முதல் உணவு உண்டிருக்கிறார். அந்த 8 நாட்களில் 5 நாள் வலி வந்திருக்கிறது. மற்ற 4 வெள்ளிகளில் தலைக்குக் குளித்தும், காலையில் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாளும் வலி இல்லை. 12 செவ்வாய்க்கிழமைகளிலும் குளித்துவிட்டு எட்டு மணிக்கே இட்லியோ தோசையோ சாப்பிட்டிருக்கிறார். அவற்றில் வலி வந்தது ஒரே ஒரு நாள், அதுவும் மாதவிலக்கின் முதல் நாள். ஆக, குளியலோடு பட்டினி சேர்ந்த 8 நாட்களில் 5, குளியல் மட்டும் இருந்த 16 நாட்களில் 1. சந்தேகம் குளியலிலிருந்து பட்டினிக்கு நகர்கிறது.

எஞ்சிய 3 வலிகளில் இரண்டு, மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னதாகவோ தொடங்கிய மறுநாளோ வந்தவை. செவ்வாயன்று வந்ததையும் சேர்த்தால், மூன்று சுழற்சிகளிலும் தவறாமல் ஒருமுறை. கடைசி ஒன்றுக்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை. அப்படி ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். அதற்காகப் புதிதாக ஒரு காரணத்தைத் தேடி ஒட்டவைக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். தலைக்குக் குளிப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் ஏதேனும் பலகாரமோ, விரதத்தை விட மனமில்லையென்றால் பாலும் பழமும் தண்ணீருமோ எடுத்துக்கொண்டு, இன்னும் 8 வாரம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை வலி குறைந்து, மாதவிலக்கை ஒட்டிய வலி மட்டும் பழையபடியே தொடர்ந்தால், பட்டினி ஒரு தூண்டுதல் என்பது ஓரளவுக்கு உறுதிப்படும். குளியலையும் நிறுத்தி, வெயிலையும் தவிர்த்து, சாப்பாட்டையும் மாற்றியிருந்தால், எது உதவியது என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

எண்ணிக்கை சிறியது என்பதால் தற்செயலாகவும் இப்படி அமையலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொரு எல்லையும் உண்டு: புகையிலைத் தூளின் வாடை வாரத்தில் ஏழு நாளும் அந்த வீட்டில் இருக்கிறது. தினமும் இருக்கிற ஒன்றை, இருந்த நாள், இல்லாத நாள் என்று பிரிக்க முடியாததால், அது தூண்டுகிறதா என்று இந்தக் குறிப்பேடு சொல்லாது. சுற்றிய கட்டுகளின் எண்ணிக்கையையோ வேலை செய்த மணி நேரத்தையோ எழுதினால்தான் அதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

அல்வா சாப்பிட்ட மறுநாள் வலி வந்ததே, அது காரணமில்லையா?

அதே குறிப்பேட்டில் இனிப்புச் சாப்பிட்ட நாட்கள் 14 இருக்கின்றன. அவற்றில் 3-க்கு மட்டுமே மறுநாள் வலி தொடர்ந்திருக்கிறது. அந்த மூன்று மாலைகளிலும் கொட்டாவி ஓயாமல் வந்ததாகவும், பிடரி இறுகியதாகவும், இனிப்பு வேண்டும்போல் இருந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்த உறவினர்கள் கொடுத்ததால் சாப்பிட்ட மற்ற நாட்களில் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, வலியும் இல்லை.

மைக்ரேன் தலைவலியாக வெளிப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே, சிலருக்கு முந்தைய நாளிலிருந்தே, மூளையில் தொடங்கிவிடுகிறது. அந்த வேளையில் கொட்டாவி, சோர்வு, எரிச்சல், கழுத்து இறுக்கம், அடிக்கடி சிறுநீர், குறிப்பிட்ட ஒன்றைத் தின்னும் ஆசை ஆகியவை வரும். ஆசைப்பட்டுத் தின்றது வலிக்குக் காரணமாகத் தோன்றும். உண்மையில் அந்த ஆசையே வலியின் முதல் அடியாக இருந்திருக்கும். அல்வாவை விலக்கி வைத்தாலும் அடுத்த முறை வலி வரத்தான் செய்யும்.

கண்கூச்சத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். எதிரே வரும் பேருந்தின் கண்ணாடியில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியதால்தான் வலி வந்தது என்று பலர் சொல்கிறார்கள். அதே பாதையில் அதே நேரத்தில் நேற்றும் அந்த வெயில் இருந்தது. இன்று மட்டும் அது குத்தியதற்குக் காரணம், வலி ஏற்கெனவே உள்ளுக்குள் தொடங்கி, வெளிச்சத்தைத் தாங்கும் சக்தியைக் குறைத்திருந்ததாக இருக்கலாம். எனவே ‘வெயில்’ என்று மட்டும் எழுதாமல், கண்கூச்சம் தொடங்கிய நேரத்தையும், அதற்கு முன்பே கொட்டாவியோ பிடரி இறுக்கமோ இருந்ததா என்பதையும் எழுதுவது அவசியம். உண்மையிலேயே கடும் வெளிச்சம் தூண்டுகிற மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த நேர வரிசைதான்.

மெடிக்கலில் கேட்டால் ஒரு செட் மாத்திரை தருகிறார்கள், உடனே கேட்கிறது. அதையே தொடரலாமா?

தொடரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அட்டையிலிருந்து பிரித்துக் கொடுக்கும் அந்த மூன்று நான்கு மாத்திரைகளுக்குப் பெயரே தெரியாததால், குறிப்பேட்டில் எழுதவும் முடியாது. அவற்றில் ஒன்று வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாத வலிநிவாரணியாக இருந்தாலும் தெரியாது. மருத்துவர் எழுதித் தந்ததை அட்டையோடு வாங்கி, அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மாத்திரை எடுத்த நாட்களை எண்ணுவது, தூண்டுதலைத் தேடுவதைவிடவும் முக்கியமானது என்பேன். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையையும் மைக்ரேனுக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்துவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். எப்போதோ வந்த ஒற்றைத் தலைவலி தினசரி மந்தமான வலியாக மாறி, காலையில் எழும்போதே இருக்கும். மாத்திரை போட்டால் சிறிது நேரம் விலகித் திரும்ப வரும். காலண்டரில் மாத்திரை நாளுக்கு ஒரு வட்டம் போட்டுவந்தால், மாதத்தில் 8 வட்டம் சேரும்போதே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

டாக்டரிடம் இதைக் காட்டினால் படிக்க அவருக்கு நேரம் இருக்குமா?

முழுக் குறிப்பேட்டையும் நீட்டினால் இருக்காது. நான்கு செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மாதத்தில் தலைவலி இருந்த நாட்கள், அவற்றில் படுத்துவிட்ட நாட்கள், மாத்திரை எடுத்த நாட்களும் அதன் பெயரும், மாதவிலக்கோடு உள்ள தொடர்பு. குறிப்பேட்டையும் கையில் வைத்திருங்கள், அவர் கேட்டால் காட்டலாம்.

மாதத்தில் 4 நாளுக்குமேல் வலி இருந்தாலோ, அதைவிடக் குறைவாயினும் வேலை கெட்டுப் படுக்க நேர்ந்தாலோ, வலி வராமல் தடுப்பதற்கான தினசரி மருந்தைப் பற்றி மருத்துவர் பேசுவார். புரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், டோபிராமேட் ஆகியவை அவ்வகையில் வழக்கமாகத் தரப்படுபவை. இவற்றில் புரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. டோபிராமேட் கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் ஆகாது. ஆகையால் இழுப்பு இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ கேட்காமலே சொல்லிவிட வேண்டும். மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். அது உதவுகிறதா என்று சொல்வதற்குச் சரியான அளவில் இரண்டு மாதமேனும் ஆகும். இரண்டாவது வாரத்தில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம். மாதத்துக்கு 8 தலைவலி நாட்கள் 4 ஆகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்றே கொள்வார்கள். அதை ஒப்பிடுவதற்கு, மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதத்தின் காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.